நெகடிவ் என்று சொன்னதும் நின்றுபோன சம்பந்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண வயதில் பிள்ளைகள் உள்ள உம்மாமார், வாப்பாமார், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்கட கெலிஓயாப் பக்கம் அண்மையில் ஒரு சம்பந்தம் பேசி, எல்லாம் சரிவந்து, நாள் குறிக்கும் நேரத்தில் நின்றுபோனது. பெண் பிள்ளை நன்றாகப் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் கடைசியாகக் கேட்டது அவளுடைய இரத்த வகையை. "பி நெகடிவ்" என்று பிள்ளை மறைக்காமல் சொல்லிவிட்டாள். மறுநாளே சேதி வந்தது: "எங்கட மகன் பொசிடிவ். நெகடிவ் புள்ளை எடுத்தா பேரப்புள்ள தங்காதாம். மன்னிச்சிக்கோங்க."

இதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். காரணம், எங்களில் ஒருவர் ஓ நெகடிவ், மற்றவர் ஏ பொசிடிவ். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மூன்று பிள்ளைகள், அல்ஹம்துலில்லாஹ். இப்போதும் மூவரும் முற்றத்தில் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அறுபது வருடத்துக்கு முந்திய உண்மை அது. அன்றைய உண்மைக்கும் இன்றைய நிலைமைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத நினைத்தோம்.

முதலில் இரத்த வகை என்றால் என்ன என்று பார்ப்போம். கிளினிக்கில் விரலில் குத்தி எடுக்கும் இரத்தத்தை ஒரு வெள்ளை ஓட்டில் மூன்று துளியாக வைப்பார்கள். ஒரு துளியோடு நீல நிறத் திரவம், அடுத்ததோடு மஞ்சள் நிறத் திரவம், மூன்றாவதோடு நிறமில்லாத திரவம் கலப்பார்கள். நீலத்தோடு கலந்த துளி தயிர் திரிவது போலத் திரிந்தால் ஏ. மஞ்சளோடு கலந்தது திரிந்தால் பி. இரண்டும் திரிந்தால் ஏபி, இரண்டுமே திரியாவிட்டால் ஓ. நிறமில்லாத மூன்றாவது திரவத்தோடு திரிந்தால் பொசிடிவ், திரியாவிட்டால் நெகடிவ். அந்த மூன்றாவது துளிதான் ஆர்.எச். இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒரே ஓட்டில் பார்த்து, ஒரே பெயராகச் சேர்த்து "ஓ நெகடிவ்", "பி பொசிடிவ்" என்று எழுதுகிறோம். சனங்களுக்கு வரும் குழப்பம் பாதி இந்தச் சேர்த்து எழுதுவதில் இருந்து வருகிறது.

ஏ, பி என்பவை செங்குழியத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு வகைச் சர்க்கரை. கார்ல் லான்ட்ஸ்டைனர் என்பவர் 1900ஆம் ஆண்டு வியன்னாவில் தன் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களின் இரத்தத்தையே ஒன்றோடொன்று கலந்து பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடித்தார். நம்மிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான பிறபொருளெதிரி, ஆஸ்பத்திரியில் ஆன்டிபொடி என்பார்களே அது, நம் உடலில் தானாகவே இருக்கும். ஓ வகைக்காரருக்கு ஏ, பி இரண்டுக்கும் எதிரானது இருக்கும். பிறந்து சில மாதங்களிலேயே, குடலில் வந்து குடியேறும் பக்டீரியாக்களில் இதே மாதிரிச் சர்க்கரைகள் இருப்பதால், உடல் அதைப் பழகிவிடுகிறது. அதனால்தான் ஏ வகைக்காரருக்கு பி இரத்தம் முதல் தடவையே ஏற்றினாலும் ஆபத்து.

ஆர்.எச். அப்படியல்ல. அது செங்குழியத்தின் சுவரிலேயே இருக்கும் ஒரு புரதம், அதற்கு டி என்று பெயர். டி இருந்தால் பொசிடிவ், இல்லாவிட்டால் நெகடிவ். நெகடிவ் ஆளுக்கு டி புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி பிறப்பிலேயே கிடையாது. பொசிடிவ் இரத்தம் அவர் உடலுக்குள் நுழைந்த பிறகுதான் அது உருவாகும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை முழுவதும் விளங்கும்.

எங்கள் நாட்டில் நூறு பேரில் சுமார் ஐந்து பேர்தான் நெகடிவ். ஐரோப்பியரில் பதினைந்து பேர் வரை. அங்கே ஒவ்வொரு தெருவிலும் தெரிந்த விஷயம் இங்கே ஊருக்கு ஊர் புதிதாகப் பயமுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

இப்போது எங்கள் குடும்பத்துக் கதை ஒன்று. எங்களில் ஒருவருடைய உம்மும்மாவுக்கு ஐந்து பிரசவம். முதல் பிள்ளை பெரிய மாமா, கொழுகொழு என்று பிறந்தார். இரண்டாவது உம்மா. பிறந்த அன்றே மஞ்சளாகிவிட்டாராம், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாராம், பிறகு ஒருவாறு தேறிவிட்டார். மூன்றாவது பிள்ளை பிறந்த அன்றே கடும் மஞ்சள், மூன்றாம் நாள் மௌத்து. நாலாவது வயிற்றிலேயே மௌத்தாகி, உடம்பெல்லாம் நீர் வைத்து ஊதின மாதிரிப் பிறந்ததாம். ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணூறு என்றார்கள், வீட்டு வாசல் சரியில்லை என்றார்கள், உம்மும்மாவின் ராசி என்றும் சொன்னார்கள். பிறகு ஐந்தாவதாகச் சின்ன மாமா பிறந்தார். ஒரு மஞ்சளும் இல்லை, ஒரு சோர்வும் இல்லை. தண்ணி ஓதிக் குடித்ததால்தான் என்று கடைசிவரை உம்மும்மா நம்பினார்.

உம்மும்மாவின் இரத்த வகை அவருக்கு எழுபது வயது தாண்டி இடுப்பு எலும்பு உடைந்து ஒப்பரேஷன் செய்யப்போனபோதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. நெகடிவ். பெரிய மாமாவும் உம்மாவும் பொசிடிவ். சின்ன மாமா இரத்த தானம் செய்யப்போன இடத்தில் அவர் நெகடிவ் என்று கார்ட் கொடுத்தார்கள். பாட்டனாரின் வகையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலே சொல்லலாம். பத்தாம் பதினோராம் வகுப்பில் விஞ்ஞானத்தில் பிறப்புரிமையியல் படித்த பிள்ளைகள் முயற்சி செய்யுங்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பரம்பரையலகு, ஒன்று உம்மாவிடமிருந்து, ஒன்று வாப்பாவிடமிருந்து. டி உள்ள அலகு ஒன்று இருந்தாலே ஆள் பொசிடிவ். நெகடிவ் என்றால் இரண்டிலும் டி இல்லை. உம்மும்மா கொடுக்கக்கூடியது டி இல்லாத அலகு மட்டும். பெரிய மாமா பொசிடிவ் என்பதால் பாட்டனாரிடம் டி உள்ள அலகு ஒன்று இருந்திருக்க வேண்டும். சின்ன மாமா நெகடிவ் என்பதால் பாட்டனாரிடம் டி இல்லாத அலகும் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆக ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை பொசிடிவாக இருக்கப் பாதி வாய்ப்பு, நெகடிவாக இருக்கப் பாதி வாய்ப்பு. காசு சுண்டின மாதிரி.

முதல் பிரசவத்தில், நஞ்சுக்கொடி, அதாவது பாடநூலில் சூல்வித்தகம் என்பது, கழரும் நேரத்தில் பெரிய மாமாவின் இரத்தம் கொஞ்சம் உம்மும்மாவின் இரத்தத்தில் கலந்திருக்கும். ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவாக இருந்தாலே போதும். உம்மும்மாவின் உடல் டி புரதத்தை முதல் தடவையாகக் கண்டு, அந்நியம் என்று அடையாளம் பிடித்து, மெதுவாக, வாரக்கணக்கில் எதிர்ப்பை உருவாக்கியது. அதற்குள் மாமா பிறந்து வெளியே வந்துவிட்டார். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்புவது இதனால்தான்.

ஆனால் உடல் மறக்காது. அடுத்த தடவை பொசிடிவ் பிள்ளை வயிற்றில் வந்து, அதன் இரத்தத்தில் சொட்டு கலந்தாலும், இந்த முறை எதிர்ப்பு வேகமாக எழும்பும். அந்தப் பிறபொருளெதிரி சிறிய வகை, சூல்வித்தகத்தைத் தாண்டிப் பிள்ளையிடம் போகக்கூடியது. போய்ப் பிள்ளையின் செங்குழியங்களில் ஒட்டி அவற்றை உடைக்கத் தொடங்கும். இரண்டாவதாக வந்த உம்மாவுக்குக் கொஞ்சம், மூன்றாவதுக்கு நிறைய, நாலாவதுக்குத் தாங்க முடியாத அளவு. பிள்ளைக்குப் பிள்ளை கூடிக்கொண்டு போனதைக் கவனியுங்கள். நாலாவது பிள்ளை நீர் வைத்துப் பிறந்தது, இரத்தம் குறைந்து குறைந்து இருதயம் களைத்ததால். சின்ன மாமா தப்பியது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அவருடைய செங்குழியத்தில் டி இல்லை, உம்மும்மாவின் எதிர்ப்புக்கு ஒட்டுவதற்கு இடமே கிடைக்கவில்லை.

மஞ்சள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த செங்குழியத்திலிருந்து வரும் மஞ்சள் பொருளுக்கு பிலிரூபின் என்று பெயர். வயிற்றில் இருக்கும்வரை அதைச் சூல்வித்தகம் வழியாக உம்மாவின் ஈரல் எடுத்து அகற்றிவிடும். கொடி வெட்டின பிறகு பிள்ளையின் சின்ன ஈரல் தனியாகச் செய்ய வேண்டும், அதற்கு அந்தச் சக்தி வரவில்லை. அதனால் பிறக்கும்போது வெள்ளையாக இருந்த பிள்ளை சில மணித்தியாலத்தில் மஞ்சளாகும். அளவு மீறினால் அது மூளையில் படிந்துவிடும். சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு வரும் மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாள் வரும், வெளிச்சத்தில் வைத்தால், சிலவேளை வைக்காமலே, போய்விடும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும் மஞ்சள் அந்தக் கணக்கில் சேராது. உம்மாவின் வகை எதுவாக இருந்தாலும் சரி, முதல் நாளே மஞ்சள் என்றால் காலை வெயில் காட்டிப் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உம்மும்மாவுக்கு நடந்தது உலகத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்தது. காரணம் முதல் முதல் பிடிபட்டது நியூயோர்க்கில். 1937இல் ஒரு தாய்க்குப் பிள்ளை இறந்து பிறந்தது. இரத்தம் அதிகம் போனதால் கணவருடைய இரத்தத்தை ஏற்றினார்கள். இருவரும் ஓ வகை. ஓவுக்கு ஓ, எந்தப் பிரச்சினையும் வரக் கூடாது. ஆனால் அந்தத் தாய்க்கு நடுக்கமும் வலியும் வந்து நிலைமை மோசமாகிவிட்டது. பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இருவர் அவருடைய இரத்த நீரை எடுத்து, ஓ வகை சார்ந்து பொருந்த வேண்டிய 104 பேரின் இரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். 80 பேருடையது திரிந்தது! இறந்த பிள்ளை வாப்பாவிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்று தாயின் உடலில் எதிர்ப்பை உண்டாக்கியிருக்கிறது, அதே எதிர்ப்புத்தான் கணவரின் இரத்தத்தையும் தாக்கியது என்று 1939இல் எழுதினார்கள். அந்த "ஏதோ ஒன்று"க்கு ஆர்.எச். என்ற பெயர் வந்தது அடுத்த வருடம், லான்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் இரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வுக்குப் பிறகு. குரங்கின் பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. நெகடிவ் ஆட்களுக்கும் குரங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வட்சப்பில் வரும் கதைகளை நம்ப வேண்டாம்.

காரணம் தெரிந்தும் தடுக்க வழி தெரியாமல் இன்னும் முப்பது வருடம் போனது. வழி வந்த விதம் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அங்கேதான் ஏபிஓவும் ஆர்.எச்.சும் சந்திக்கின்றன.

வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். நெகடிவ் தாய்க்குப் பொசிடிவ் பிள்ளை பிறந்தாலும், ஏபிஓ பொருந்தாவிட்டால், உதாரணமாக உம்மா ஓ, பிள்ளை ஏ என்றால், தாய்க்கு டி எதிர்ப்பு உருவாவது மிகக் குறைவு. எந்தத் தடுப்பும் செய்யாமல் விட்டால் ஏபிஓ பொருந்தும் நூறு தாய்மாரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பு உருவாகும், பொருந்தாதவர்களில் சுமார் 2 பேருக்குத்தான். ஏன்? பிள்ளையின் ஏ செங்குழியம் ஓ உம்மாவின் இரத்தத்தில் கலந்த உடனேயே, அவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ எதிர்ப்பு அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. அதில் டி என்ற புரதம் இருந்ததை உடல் கவனிக்கவே நேரமில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரோனல்ட் ஃபின் என்ற வைத்தியர்கள் இதிலிருந்துதான் யோசித்தார்கள். கிளார்க் வண்ணத்துப்பூச்சி வளர்த்துப் பரம்பரை ஆராய்ந்த மனிதர். இயற்கை செய்வதை ஊசியால் செய்தால் என்ன? பிள்ளை பிறந்த உடனே உம்மாவுக்கு வெளியிலிருந்து டி எதிர்ப்பைக் கொடுத்து, கலந்துபோன பிள்ளையின் செங்குழியத்தை உடல் கவனிக்கும் முன்பே அகற்றிவிடுவது. கேட்டால் கிறுக்கு மாதிரி இருக்கும், தடுக்க நினைக்கும் பொருளையே ஊசியில் கொடுப்பதா என்று. முதலில் பரிசோதித்த பெரிய வகைப் பிறபொருளெதிரி வேலை செய்யவில்லை, நிலைமையைக் கெடுத்தது. சிறிய வகையைக் கொடுத்தபோது வேலை செய்தது. அதே நேரத்தில் நியூயோர்க்கில் ஃப்ரீடா, கோர்மன், பொலாக் என்ற மூவரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968இல் ஊசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆன்டி டி என்று கிளினிக்கில் சொல்லும் ஊசி அதுதான்.

இந்த ஊசி மருந்துத் தொழிற்சாலையில் இரசாயனத்தால் செய்வதல்ல. டி எதிர்ப்பு தன் இரத்தத்தில் உள்ள மனிதர்கள் தானம் கொடுக்கும் இரத்த நீரிலிருந்து பிரித்தெடுப்பது. அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்று ஒருவர். பதினாலு வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய ஒப்பரேஷன் நடந்து, முகம் தெரியாதவர்களின் இரத்தத்தில் பிழைத்தவர். பதினெட்டு வயதில் தானம் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய இரத்தத்தில் டி எதிர்ப்பு நிறைய இருப்பது தெரிந்ததும் அதற்கென்றே கொடுக்க ஆரம்பித்து, 2018இல் 81 வயதில் நிறுத்தும்போது 1173 தடவை கொடுத்திருந்தார். ஊசிக்குப் பயந்தவராம், ஒரு தடவைகூடக் குத்துவதைப் பார்த்ததில்லையாம். 2025இல் காலமானார்.

சரி, எங்கள் மூன்று பிள்ளைகளின் கணக்குக்கு வருகிறோம். முதல் கர்ப்பம் பதிவு செய்யப் போனபோதே மிட்வைஃப் மிஸ் இரத்தம் பார்க்க அனுப்பினார். முடிவு வந்ததும் எச் 512 கர்ப்பிணிப் புத்தகத்தில் "ஓ நெகடிவ்" என்று சிவப்பில் எழுதி, வி.ஓ.ஜி. டொக்டரின் கிளினிக்குக்குத் துண்டு தந்தார். அங்கே கணவரின் வகையைப் பார்த்தார்கள். கணவரும் நெகடிவ் என்றால் பிள்ளையும் நெகடிவ், பயமே இல்லை. எங்களுடையது பொசிடிவ். அடுத்தது முக்கியமான பரிசோதனை: உம்மாவின் இரத்தத்தில் டி எதிர்ப்பு ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. கூம்ஸ் டெஸ்ட் என்பார்கள். எங்களுக்கு இல்லை என்று வந்தது. 28ஆம் வாரத்தில் திரும்பப் பார்த்துவிட்டு ஒரு ஆன்டி டி ஊசி போட்டார்கள். கடைசி மூன்று மாதத்தில் பிள்ளையின் இரத்தம் சத்தமில்லாமல் கலக்கலாம் என்பதற்காக அது.

மூத்த மகள் பிறந்ததும் கொடியிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். ஏ பொசிடிவ். மேலே சொன்ன ஓ உம்மா, ஏ பிள்ளைக் கணக்கு எங்களுக்கே பொருந்தியது. "அப்ப ஊசி இல்லாட்டியும் பரவாயில்லையே மிஸ்?" என்று எங்களில் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நர்ஸிடம் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "நூத்துக்கு ரெண்டு பேர்ல நீங்க ஒரு ஆளா இருந்தா?" என்றார். ஊசி போட்டாயிற்று.

இரண்டாவது மகன். 28ஆம் வாரம் வரை அதே ஒழுங்கு, ஏனென்றால் முதல் ஊசி கரைந்து போய்விடும், சுமார் பன்னிரண்டு வாரம்தான் நிற்கும். தடுப்பூசி மாதிரி ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்க நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது அப்படியல்ல, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக வேண்டும். மகன் பிறந்து கொடி இரத்தம் பார்த்தால் ஓ நெகடிவ். "இந்த முறை ஊசி வேணாம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது மகள் ஓ பொசிடிவ். ஏபிஓவின் பாதுகாப்பும் இல்லாத பிள்ளை அவள்தான், ஊசி மட்டும்தான் காவல். பிறந்த மறுநாள் போட்டார்கள்.

ஊசியின் அளவு இடத்துக்கு இடம் வித்தியாசப்படும், 500 அலகும் உண்டு, 1500 அலகும் உண்டு. 1500 அலகு என்றால் பிள்ளையின் இரத்தம் சுமார் 30 மில்லிலீற்றர் கலந்திருந்தாலும் சமாளிக்கும். பெரும்பாலான பிரசவத்தில் கலப்பது அதைவிட மிகக் குறைவு. அதிகம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அதை அளக்கவும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைப் பார்த்துக் கூட்டிப் போடுவார்கள்.

ஊசியால் முடியாத ஒன்றும் இருக்கிறது. எதிர்ப்பு ஏற்கெனவே உருவாகிவிட்டால் ஊசி பிரயோசனமில்லை, உடலின் ஞாபகத்தை அது அழிக்காது. அப்போது வைத்தியம் வேறு வழி. எதிர்ப்பின் அளவை அடிக்கடி பார்ப்பார்கள், ஸ்கேனில் பிள்ளையின் மூளைக்குப் போகும் நாளத்தில் இரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். இரத்தம் குறைந்த பிள்ளைக்கு அது வேகமாக ஓடும், நீர் கலந்த பால் சீக்கிரம் ஊற்றுப்படுவது மாதிரி. தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும்போதே கொப்பூழ்க் கொடி வழியாக நெகடிவ் இரத்தம் ஏற்றலாம், பிறந்த பிறகு பிள்ளையின் இரத்தத்தையே மாற்றலாம். அப்படிப் பிழைத்த பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் அது மாதக்கணக்கான அலைச்சல், பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும்.

ஆகவே பேரப்பிள்ளை தங்காது என்று பயப்படும் மாமிமாருக்கு: மகனுக்குப் பொசிடிவ், மருமகளுக்கு நெகடிவ் என்றால் தேவைப்படுவது ஒரு புத்தகத்தில் சிவப்பு எழுத்தும், ஒழுங்கான கிளினிக்கும், இரண்டு ஊசியும். தடுப்பில்லாத காலத்தில் நூறில் 16 என்று சொன்னோமே, பிரசவத்துக்குப் பின் போடும் ஊசியால் அது இரண்டுக்கும் கீழே வந்தது. 28ஆம் வார ஊசியும் சேர்ந்தால் ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர். மருமகள் பொசிடிவ், மகன் நெகடிவ் என்றால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

இன்னொரு கதையும் ஊரில் ஓடுகிறது: இருவருக்கும் ஒரே இரத்த வகை என்றால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று. அதில் ஒரு துளியும் உண்மையில்லை. நெருங்கிய சொந்தத்தில் முடிப்பதையும் இரத்த வகையையும் போட்டுக் குழப்பியதில் வந்தது. கலியாணத்துக்கு முன் இரத்தம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் தலசீமியா பாருங்கள், அதற்கு அர்த்தம் இருக்கிறது.

இதைவிட மோசமானது வாப்பாவும் உம்மாவும் பொசிடிவ், பிள்ளை மட்டும் எப்படி நெகடிவ் என்ற பேச்சு. ஒரு மாணவியின் வீட்டில் இதை வைத்து எழுந்த சந்தேகத்தை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோம். மேலே பாட்டனாரின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். டி இல்லாத அலகு ஒன்றை மறைவாக வைத்திருக்கும் இரண்டு பொசிடிவ் ஆட்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நெகடிவ் பிள்ளைக்கு. எங்களில் ஓ நெகடிவ் ஆக இருப்பவரே அப்படிப் பிறந்தவர்தான். அவருடைய உம்மாவும் பொசிடிவ், வாப்பாவும் பொசிடிவ்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இரத்தம் கலப்பது பிரசவத்தில் மட்டுமல்ல. மூன்று மாதம் தாண்டிய பிறகு பிள்ளை கலைந்தாலும், எந்த மாதத்திலும் வயிற்றைச் சுத்தம் செய்ய நேர்ந்தாலும், குழாயில் கர்ப்பம் தங்கி ஒப்பரேஷன் செய்தாலும், நடு மாதங்களில் இரத்தம் பட்டாலும், பஸ்ஸில் விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் கலக்கலாம். எங்கட பெண்கள் பிள்ளை கலைந்ததை வெளியே சொல்வதில்லை, மாமிக்குத் தெரியாமல் அழுதுவிட்டு அடுத்த நாள் சமைக்கப் போகிறார்கள். நெகடிவ் உள்ளவர் என்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடமாவது சொல்ல வேண்டும், எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்து. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கட்டாரிலும் சவூதியிலும் பிரசவம் நடந்தவர்கள் ஊசி போட்டதா என்ற துண்டைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு இங்கே கேட்பார்கள்.

ஊசி 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிள்ளை பிறந்தால் திங்கள் அஸர் வரை. ஞாயிறு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்றாலும் கொடி இரத்தத்தின் முடிவு என்ன என்று கேட்காமல் துண்டு வெட்டி வீட்டுக்கு வராதீர்கள். ஏதோ காரணத்தால் அந்த நேரம் தாண்டிவிட்டால், இனி பிரயோசனமில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். பத்து நாள் வரை போட்டாலும் கொஞ்சம் பலன் இருக்கிறது.